கண் சொல்வதும் செவுள் சொல்வதும் ஒத்துப்போகாதபோது

"ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் ஒரு கிலோ கானாங்கெளுத்தி வாங்கினேன். கண் பளபளவென்றுதான் இருந்தது. வீட்டில் நறுக்கியபோது வயிறு கூழாகிக் கிடந்தது, வாடையும் அடித்தது. கண், செவுள், சதை, வாடை என்று நான்கு அடையாளங்களைச் சொல்கிறார்களே, இவற்றில் எதை நம்புவது?"

நான்கையும் நம்பலாம், ஆனால் நான்கும் ஒரே நேரத்தில் மாறுவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு நம்ப வேண்டும். உயிரோடு இருக்கும் மீனின் சதைக்குள் பாக்டீரியா கிடையாது. அவை தோலின் மேலுள்ள கொழகொழப்பிலும், செவுளிலும், குடலிலும்தான் இருக்கின்றன. மீன் செத்ததும் கேடு இந்த மூன்று இடங்களிலிருந்து உள்நோக்கிப் புறப்படுகிறது. ஆகவே செவுளும் வயிறும் முதலில் காட்டிக்கொடுக்கும். முதுகுச் சதை கடைசியில்தான் விட்டுக்கொடுக்கும். கண் இந்த வரிசையில் ஒழுங்காக நிற்பதில்லை, ஏனென்றால் அது காலத்தால் மட்டுமல்லாமல் ஐஸாலும் தண்ணீராலும் பிடித்த விதத்தாலும் மாறக்கூடியது. மீன் ஏற்றுமதிக் கூடம் ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தேன். அங்கே பழகியபடி இன்றும் நான் முதலில் செவுள், அடுத்து வாடை, பிறகு வயிறும் சதையும், எல்லாவற்றுக்கும் பின்னால் கண் என்றுதான் பார்க்கிறேன்.

கண்ணை ஏன் கடைசிக்குத் தள்ளுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களை ஏமாற்றியது அதுதான். புதிய மீனின் கண் வெளிப்பக்கம் குவிந்து, கண்ணாடி போலத் தெளிந்து, நடுவே கருமணி கறுப்பாகத் தெரியும். நேரம் போகப்போக உள்ளிருக்கும் நீரழுத்தம் குறைந்து கண் தட்டையாகும், பிறகு குழி விழும். மேல்படலம் மங்கிப் பால்நிறமாகும், கருமணி சாம்பல் பூத்துவிடும். இதுவரை எல்லோரும் அறிந்ததே. ஆனால் ஐஸ்கட்டி நேரே அழுத்திக்கொண்டிருந்த கண், மீன் நன்றாக இருக்கும்போதே மங்கிவிடும். ஐஸில் படுத்திருந்த பக்கத்துக் கண் மங்கலாகவும் மறுபக்கத்துக் கண் தெளிவாகவும் இருக்கும் மீன்களை நீங்களே பார்த்திருக்கலாம். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே இழுக்கப்பட்ட மீனுக்குக் கண் பிதுங்கியிருக்கும். அந்தப் பிதுக்கத்துக்கும் புதுமைக்கும் சம்பந்தமில்லை. வலையில் உரசிய மீனுக்குக் கண்ணில் இரத்தம் கட்டிச் சிவந்திருக்கும், அதனால் அது பழையதாகிவிடாது. மறுபக்கம், வெயிலில் சில மணி நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்த மீனின் வயிறு உள்ளே கரையத் தொடங்கிய பிறகும் கண் ஓரளவு நன்றாகவே தெரியலாம். போதாக்குறைக்கு வியாபாரி நிமிடத்துக்கு ஒருமுறை மக்கிலிருந்து தண்ணீர் தெளிக்கிறார். அந்த ஈரப்படலம் விளக்கொளியில் எந்தக் கண்ணையும் பளபளக்கச் செய்யும். எனவே கண்ணை மேலிருந்து பார்க்காதீர்கள். மீனை உங்கள் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். பளபளப்பைத் தண்ணீர் கொடுத்துவிடும், குவிவைக் கொடுக்க முடியாது.

இனிச் செவுள். மீனுக்கு மூச்சு இங்கேதான் நடக்கிறது என்பதால் மிக மெல்லிய தோலுக்கு அடியில் இரத்தம் நிறைந்திருக்கும். புதிய மீனில் அது அடர்சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். இரத்தத்தின் சிவப்பைத் தரும் பொருள் காற்றுப்பட்டு மெல்ல மாற்றமடையும்போது நிறம் பழுப்புக்கு இறங்குகிறது, அதற்கும் பின்னால் சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்துக்குப் போகிறது. கட்டை விரலால் செவுள் மூடியைத் தூக்கினால் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு அடுக்குகள் இருப்பதைக் காணலாம். வெளியே தெரியும் முதல் அடுக்கோடு நிறுத்திக்கொள்வதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. அதை விரலால் ஒதுக்கி இரண்டாவது, மூன்றாவது அடுக்கைப் பாருங்கள்.

அங்கே நிறத்தைவிட நம்பகமான இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, சீப்புப் பற்கள் போன்ற அந்த இழைகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றனவா என்பது. புதிய மீனில் ஈரத்தில் லேசாக ஒட்டியிருந்தாலும் விரல்பட்டால் பிரிந்துவிடும்; பழைய மீனில் கொழகொழப்பு தடித்து, இழைகள் ஒன்றோடொன்று பசை போட்டதுபோல் கிடக்கும். இரண்டாவது, அந்தக் கொழகொழப்பின் தெளிவு. முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாக இருந்தால் நல்லது. பால்போல் கலங்கியிருந்தால் வயதாகிவிட்டது. மஞ்சளாகவோ பழுப்பாகவோ திட்டுத்திட்டாகத் திரண்டிருந்தால் கையை எடுத்துவிடலாம்.

செவுள் வெளிறியிருக்கிறது என்ற ஒரே காரணத்தால் மீனை ஒதுக்க வேண்டியதில்லை. ஐஸ் உருகிய நீரில் ஊறிக்கொண்டே பயணம் செய்த மீனின் செவுளிலிருந்து இரத்தம் கழுவப்பட்டுப் போயிருக்கும்; பிடித்தவுடன் இரத்தம் வடித்த சூரையின் செவுளும் வெளிறியே இருக்கும். வெளிறல் வேறு, பழுப்பு வேறு. வெளிறிய செவுளில் இழைகள் பிரிந்து நின்று, வாடையும் இல்லையென்றால் அது ஐஸின் வேலை.

செவுளுக்குச் சாயம் பூசுவதையும், வேறு மீனின் இரத்தத்தைத் தடவுவதையும் பற்றிக் கேட்டிருப்பீர்கள். இதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி தேவையில்லை. இயற்கையான செவுளில் இழைகள்தான் சிவப்பு. அவை முளைக்கும் வளைந்த எலும்பும், உள்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்போன்ற பகுதியும் வெண்மையாகவோ வெளிர்மஞ்சளாகவோ இருக்கும். அந்த எலும்பும் செவுள் மூடியின் உள்பக்கமும் இழைகளைப் போலவே சிவந்திருந்தால் வெளியிலிருந்து ஏதோ பூசப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பூசியவர் பெரும்பாலும் வெளி அடுக்கைத்தான் பூசுவார் என்பதால் உள் அடுக்கு வேறு நிறத்தில் இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

வாடையைத் தோலில் முகர்ந்து பயனில்லை, தோல் பத்துமுறை கழுவப்பட்டது. செவுள் மூடியைத் தூக்கியபடியே அதன் அருகில் முகர வேண்டும்; அடுத்து மலவாய்ப் பக்கம். புதிய கடல்மீனில் கடற்பாசியை நினைவூட்டும் மெல்லிய உப்பு வாசனை இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. நாம் 'கவிச்சி' என்று சொல்வதில் பெரும்பங்கு மீன் செத்த பிறகு உண்டாவது. கடல்நீரின் உப்பைச் சமாளிப்பதற்காகக் கடல்மீன்கள் தம் உடலில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்ற வாசனையற்ற பொருளைச் சேர்த்து வைத்திருக்கின்றன. பாக்டீரியா பெருகும்போது அது டிரைமெத்தில் அமீனாக உடைகிறது. மூக்கைத் துளைப்பது இதுதான். புளிக்கும் அமிலமான மற்ற பொருட்களுக்கும் இந்த டிரைமெத்தில் அமீன் கட்டுப்பட்டு, ஆவியாகாமல் அடங்கிவிடும். புளித்தண்ணீரில் அலசியதும் வாடை போய்விடுவதன் இரகசியம் இதுவே. வாடைதான் போகிறது, மீன் பின்னோக்கிப் புதிதாகிவிடுவதில்லை. பழைய மீனுக்குக் கொஞ்சம் புளி கூடுதலாகக் கரைப்பது நம் சமையலறைகளின் பழைய தந்திரம் என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

இரண்டு விதிவிலக்குகளைச் சொல்ல வேண்டும். கட்லா, ரோகு, விரால் போன்ற நன்னீர் மீன்களில் மேற்சொன்ன பொருள் மிகக் குறைவு என்பதால் அவை கெட்டாலும் அதே கவிச்சி அந்த அளவுக்கு எழாது. அழுகிய புல்லின் வாடையும் புளித்த வாடையும்தான் எழும். குளத்து மீனில் வரும் மண்வாசனை கேட்டின் அடையாளமே அல்ல, அது குளத்து நுண்ணுயிர்கள் கொடுத்தது. சுறாவும் திருக்கையும் எதிர்த்திசை. இவற்றின் உடலில் யூரியா நிறைய இருப்பதால், சில மணி நேரக் கவனக்குறைவுக்கே அம்மோனியா நெடி கிளம்பிவிடும். சுறாப் புட்டுக்கு வாங்குகிறவர்கள் லேசான நெடியைப் பொறுத்துக்கொள்கிறார்கள். கண்ணை எரிக்கும் அளவுக்கு இருந்தால் நான் வாங்கமாட்டேன்.

மூக்குக்கு ஒரு பலவீனம் உண்டு: மார்க்கெட்டுக்குள் நுழைந்து சிறிது நேரத்திலேயே அது பழகிப்போகும். ஆகவே முகர்ந்து முடிவுசெய்ய வேண்டிய மீனை முதலில் பார்த்துவிடுவது நல்லது. சுற்றிவிட்டு வந்தால் ஒருமுறை வெளியே போய் மூச்சு வாங்கிவிட்டு முகருங்கள்.

அழுத்திப் பார்ப்பதில் எல்லோரும் ஒரே இடத்தைத் தொடுவதில்லை. சதையின் உறுதியை முதுகுத் துடுப்புக்குக் கீழே, உடல் தடித்திருக்கும் இடத்தில் பார்க்க வேண்டும்; வயிற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். முதுகில் கட்டை விரலை அழுத்தி எடுத்தால் பள்ளம் உடனே எழும்பிவிட வேண்டும். மெல்ல எழும்பினால் அன்றே சமைக்கலாம். பள்ளம் அப்படியே நின்றுவிட்டால் மீன் பழையது, அல்லது உறைய வைத்து இளக்கியது. உறைந்து இளகிய மீனை அழுத்தும்போது நீர் கசியும், கண் முழுதும் வெண்மையாக இருக்கும், தோலில் மினுமினுப்பு இருக்காது.

மீன் விறைப்பதைப் பற்றிக் குழப்பம் இருக்கிறது. செத்தவுடன் மீன் தொய்வாகத்தான் இருக்கும். கண்முன்னால் அடித்துக் கொடுத்த விராலைத் தொட்டுப் பாருங்கள், துணிபோல் தொங்கும். சில மணி நேரத்தில் தசைகளில் ஆற்றல் தீர்ந்து அவை இறுகிக்கொள்கின்றன. அப்போது தலையைப் பிடித்துக் கிடையாக நீட்டினால் வால் தொங்காமல் கம்புபோல் நிற்கும். பிறகு அந்த விறைப்பு தளர்கிறது, அதற்குப் பின்னால்தான் கேடு வேகமெடுக்கிறது. ஆகவே விறைத்த மீன் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். விறைப்பு தளர்ந்த மீனும் பள்ளம் எழும்பினால் நல்ல மீனே, ஐஸில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தால் அதற்குச் சில நாட்கள் ஆயுள் மிச்சமிருக்கும். ஐஸில் இல்லாமல் நம் ஊர் வெயிலில் கிடந்தால் அரை நாள்கூடத் தாங்காது.

இங்கேதான் உங்கள் கானாங்கெளுத்திக்கு வருகிறோம். தெற்கே அயிலை என்று சொல்லப்படும் இந்த மீனும் மத்தியும் இரையை நிறையத் தின்னும் காலத்தில் பிடிபட்டால், குடலிலுள்ள செரிமானச் சாறுகள் இரைக்குப் பதில் வயிற்றுச் சுவரைக் கரைக்கத் தொடங்கிவிடும். இதற்குப் பாக்டீரியாகூடத் தேவையில்லை. ஐஸ் போடாமல் சில மணி நேரம் கிடந்தால் போதும்: முதுகு கெட்டியாக இருக்கும், கண் தெளிவாக இருக்கும், வயிறு கூழாகும். வயிற்றின் அடிப்பக்கத்தை மென்மையாக விரலால் வருடிப் பார்த்தால் இது கடையிலேயே தெரிந்துவிடும். தோலுக்கு அடியில் விலா முட்கள் குத்துவதுபோல் தட்டுப்பட்டாலோ, வயிறு உப்பியும் தொளதொளப்பாகவும் இருந்தாலோ, மலவாய் பிதுங்கிப் பழுப்பு நீர் கசிந்தாலோ உள்ளே கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

சென்னை சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் ஒரு ஞாயிறு காலை நான் பார்த்த இரண்டு குவியல்களை வைத்துச் சொல்கிறேன். இரண்டும் கானாங்கெளுத்திதான், விலையில் சிறிய வித்தியாசம். முதல் குவியலில் மீன்கள் பளிச்சென்று தெரிந்தன, விற்ற அம்மா ஓயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அடுத்த குவியல் உடைத்த ஐஸுக்குள் பாதி புதைந்திருந்தது. கண்கள் லேசாக மங்கியிருந்ததால் ஆட்கள் தாண்டிப் போனார்கள். "காலையில வந்த மீன்க்கா, கண்ணப் பாருங்க" என்றார் முதலாமவர். நான் ஒன்றைத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தேன். கண் தட்டையாக இருந்தது. செவுளின் வெளி அடுக்கு மங்கிய சிவப்பு, உள் அடுக்கு பழுப்பு, இழைகள் ஒட்டிக் கிடந்தன. வயிற்றில் விலா முள் தட்டுப்பட்டது. முகர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரண்டாவது குவியலில் கண் மங்கலாக இருந்தாலும் குவிவு இருந்தது, செவுள் உள்ளே வரை சிவப்பு, கொழகொழப்பு தெளிவு, முதுகில் விரல் பதித்த பள்ளம் நான் பார்க்கும்முன் எழும்பிவிட்டது, வயிறு இறுக்கமாக இருந்தது. அதில்தான் ஒரு கிலோ வாங்கினேன். கண்ணை மட்டும் பார்த்திருந்தால் முதல் குவியலில் வாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் 61 நாட்களிலும் இந்த அனுபவம் கைகொடுக்கும். அப்போது மேற்குக் கடற்கரையிலிருந்தும் குளிர்பதனக் கிடங்குகளிலிருந்தும் ஐஸ் லோடாக வரும் மீன் மார்க்கெட்டை நிரப்பும். மங்கிய கண் சாதாரணமாகிவிடும். கண்ணைக் கொண்டு ஒதுக்கினால் அந்த இரண்டு மாதமும் எதையும் வாங்க முடியாது.

அடையாளங்கள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது பெரும்பாலும் ஐஸோ வயிறோதான் காரணம் என்று சொன்னேன். இன்னொரு முரண் இருக்கிறது, அது கவலைப்பட வேண்டியது. கண் குழிந்து செவுளும் சாம்பலாகிவிட்ட மீனில் சதை மட்டும் ரப்பர்போல் விறைப்பாக, வாடையே இல்லாமல் இருந்தால், இயற்கையான வரிசையில் அது நடக்காது. ஃபார்மலின் என்ற இரசாயனம் சேர்க்கப்பட்டிருக்கலாம்; அது சதையை இறுக்கி, பாக்டீரியாவையும் கொன்று, காலத்தை மறைக்கும். 2018-இல் கேரளத்தில் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் லோடுகள் பிடிபட்ட பிறகு இந்தப் பேச்சு பரவலானது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதைக் கண்டறியக் காகிதப் பட்டையாலான ஒரு சோதனைக் கருவியை உருவாக்கியிருக்கிறது. கையாலும் மூக்காலும் இதை உறுதிசெய்ய முடியாது, சந்தேகப்பட மட்டுமே முடியும். ஈ மொய்க்காத மீன் ஃபார்மலின் மீன் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. ஐஸ் நிறைய இருந்தாலும் ஈ வராது.

இந்த நான்கு அடையாளங்களாலும் காட்ட முடியாத ஒன்றும் இருக்கிறது, அது உங்கள் மீனைப் பொறுத்தது. கானாங்கெளுத்தி, மத்தி, சூரை ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். ஐஸில்லாமல் கிடக்கும் நேரத்தில் சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். வாடை எழுவதற்கு முன்பே அது சேர்ந்திருக்கக்கூடும், கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் அழியாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடல் அரிக்கும். பலர் இதை மீன் ஒவ்வாமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாயில் வைத்ததும் நாக்கில் மிளகு பட்டதுபோல் சுருக்கென்று இருந்தால் துப்பிவிடுங்கள். வயிறு கூழான கானாங்கெளுத்தியை, முதுகுச் சதை நன்றாக இருக்கிறதே என்று கழுவிக் குழம்பு வைக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். அந்த வயிறு, மீன் எத்தனை நேரம் சூட்டில் கிடந்தது என்பதற்குச் சாட்சி.

வஞ்சிரம் போன்ற பெரிய மீனைத் துண்டாக வாங்கும்போது கண்ணும் செவுளும் கையில் இருக்காது. அப்போது நடுமுள்ளை ஒட்டியிருக்கும் இரத்தக் கோட்டைப் பாருங்கள். அது சிவப்பாக இருந்தால் புதிது, காபி நிறத்துக்கு மாறியிருந்தால் பழையது. சதை முள்ளை விட்டு விலகி இடைவெளி தெரிந்தாலும், துண்டின் அடுக்குகள் பிளந்து நின்றாலும் வாங்காதீர்கள். வெட்டிவைத்த துண்டுகளைக் காட்டிலும், முழுமீனின் செவுளைக் காட்டச் சொல்லி, கண்முன்னால் வெட்டி வாங்குவது நல்லது. தலை எங்கே என்று கேட்டால் காட்ட மறுக்கிறவரிடம் அடுத்த கேள்வி கேட்க வேண்டியதில்லை.

வாங்கிய பிறகு, மீன்காரரிடமே இரண்டு கை உடைத்த ஐஸை வாங்கிப் பையில் மீனோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். கானாங்கெளுத்தி என்றால் குடலையும் செவுளையும் அங்கேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்குவதாக இருந்தால், மீனைக் கடைசியாக வாங்குங்கள்.